பில் எண் 218/25-26 ஏற்கப்படவில்லை: சரியான பில் வேண்டி

திருப்பூர்
09.01.2026

அனுப்புநர்: மேலாளர், கொள்முதல் பிரிவு, பின்னலாடை ஏற்றுமதித் தொழிற்சாலை, திருப்பூர்.

பெறுநர்: உரிமையாளர், அட்டைப்பெட்டி மற்றும் பேக்கிங் பொருட்கள் தயாரிப்பு நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: 05.01.2026 தேதியிட்ட பில் எண் 218/25-26, மொத்தம் ரூ.1,39,240 – பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணும் சரக்கு விவரமும் இல்லாததால் திருப்பி அனுப்புதல்.

ஐயா,

வணக்கம். ஜனவரி 5-ம் தேதி உங்கள் வண்டியில் வந்த சரக்கு முழுவதையும் எங்கள் ஸ்டோரில் இறக்கி, எண்ணி, வரவுப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது. ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டி 1,200, பாலிபேக் 24,000. சரக்கில் எந்தக் குறையும் இல்லை. பெட்டிகள் ஏற்கெனவே பேக்கிங் பகுதிக்குப் போய்விட்டன. எங்கள் ஆட்சேபம் முழுக்க டிரைவர் கொடுத்துவிட்டுப் போன பில்லைப் பற்றியது மட்டுமே.

அந்தப் பில்லில் இருப்பது ஒரே ஒரு வரி: "பேக்கிங் மெட்டீரியல் – 1 லாட் – ரூ.1,18,000". அதன் கீழே மத்திய, மாநில ஜிஎஸ்டி தலா ரூ.10,620. எந்த ஆர்டருக்கான சரக்கு என்று எங்கும் இல்லை. பெட்டி எத்தனை, பை எத்தனை, என்ன விலை என்றும் இல்லை. இதை வைத்துக்கொண்டு எங்களால் பணம் ஒதுக்க முடியாது. ஆகவே மேற்கண்ட பில்லை ஏற்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். எங்கள் கணக்கில் அது பதிவாகவில்லை.

உங்கள் பெயரில் எங்களிடம் இப்போது இரண்டு ஆர்டர்கள் முடியாமல் நிற்கின்றன: PO/25-26/0417, PO/25-26/0431. இரண்டிலும் அதே அளவுப் பெட்டி, அதே அளவுப் பை. விலைதான் வேறு. 0417-ல் பெட்டி ரூ.62, பை ரூ.1.35. காகித விலை ஏறியதாக நீங்கள் சொன்ன பிறகு போட்ட 0431-ல் பெட்டி ரூ.66, பை ரூ.1.50. வந்த சரக்கு முழுவதும் 0417-க்கு என்றால் வரிக்கு முந்தைய தொகை ரூ.1,06,800 வருகிறது. 0431-க்கு என்றால் ரூ.1,15,200. உங்கள் பில்லில் இருப்பது இரண்டையும் தாண்டி ரூ.1,18,000. கூடுதல் தொகை வண்டி வாடகையா, விலை மாற்றமா, கூட்டல் பிழையா என்று நாங்களாக ஊகிக்கக் கூடாது. வண்டி வாடகை என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இரண்டு ஆர்டர்களிலும் விலை எங்கள் ஸ்டோரில் சேர்ப்பது வரைக்குமானது. வாடகை தனியாகச் சேராது.

வரியிலும் இதே சிக்கல்தான். பாலிபேக்குக்கு 18 சதவீதம் சரி. அட்டைப்பெட்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். எல்லாவற்றையும் ஒரே பொருளாகப் போட்டு 3923 என்று ஒரே குறியீடு கொடுத்ததால், பெட்டிக்கும் சேர்த்து 18 சதவீதம் ஏறியிருக்கிறது. 0431-ன் விலைப்படியே பார்த்தாலும் வரி ரூ.10,440-தான் வர வேண்டும்; பில்லில் இருப்பது ரூ.21,240. சரக்கின் விவரம், அளவு, குறியீடு ஆகியவை பில்லில் இருக்க வேண்டும் என்று மத்திய ஜிஎஸ்டி விதிகளின் 46-வது விதி சொல்கிறது. அவை இல்லாத பில்லை நம்பி நாங்கள் உள்ளீட்டு வரி வரவு எடுத்தால், பின்னாளில் தணிக்கையில் எங்களைத்தான் கேட்பார்கள்.

பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது எங்கள் ஆர்டரின் நிபந்தனை. நீங்களும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டது. ஆர்டர், ஸ்டோர் வரவு, பில் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் எங்கள் கணக்கு மென்பொருள் பணப்பட்டுவாடாவுக்கு அனுமதி தரும். அந்த எண் இல்லாமல் பில்லை உள்ளே ஏற்றவே வழியில்லை.

புதிய பில்லில் ஒவ்வொரு பொருளும் தனித்தனி வரியாக வர வேண்டும். சரக்கு முழுவதும் 0431-க்கு உரியது என்றால், இப்படி:

பர்ச்சேஸ் ஆர்டர் எண்: PO/25-26/0431
ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டி, குறியீடு 4819, 1,200 எண்ணிக்கை × ரூ.66 = ரூ.79,200, ஜிஎஸ்டி 5% ரூ.3,960
பாலிபேக், குறியீடு 3923, 24,000 எண்ணிக்கை × ரூ.1.50 = ரூ.36,000, ஜிஎஸ்டி 18% ரூ.6,480
மொத்தம்: ரூ.1,25,640

0417-க்கு என்றால் மொத்தம் ரூ.1,16,352. இரண்டு ஆர்டருக்கும் பிரித்து அனுப்பியிருந்தால், ஆர்டருக்கு ஒன்றாக இரண்டு பில் கொடுங்கள். அதுதான் இரு தரப்புக்கும் எளிது. எந்த ஆர்டருக்காக வண்டியில் ஏற்றினீர்கள் என்பது உங்கள் டிஸ்பாட்ச் பதிவில் இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கூடுதல் விலை உள்ள ஆர்டர் என்பதற்காக 0431-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். 0417-ல் இன்னும் 1,500 பெட்டி பாக்கி நிற்கிறது. அது முதலில் முடிய வேண்டும் என்று டிசம்பரிலேயே பேசியிருந்தோம்.

பழைய பில்லில் பேனாவால் எழுதிச் சேர்த்துத் திரும்ப அனுப்ப வேண்டாம். அதை ரத்து செய்வதா, முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் போடுவதா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். எங்களுக்கு இரண்டும் சம்மதம். எப்படியானாலும் புதிய பில்லுக்குப் புதிய எண் வேண்டும். அதில் "பில் 218/25-26-க்கு மாற்றாக" என்று ஒரு வரி இருக்கட்டும். இ-வே பில்லும் பழைய எண்ணில், ஒரே குறியீட்டோடுதான் எடுக்கப்பட்டிருக்கிறது. 24 மணி நேரம் கடந்துவிட்டதால் அதை இனி ரத்து செய்ய முடியாது. அதனால் அந்த இ-வே பில் எண்ணையும் புதிய பில்லில் குறிப்பிடுங்கள்.

ஜனவரி மாத ஜிஎஸ்டிஆர்-1 பிப்ரவரி 11-க்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், திருத்த இப்போது நேரம் இருக்கிறது. பழைய பில் மட்டும் அப்படியே ஏறி எங்கள் ஐஎம்எஸ் திரையில் வந்தால், அதை நிராகரிக்க வேண்டியிருக்கும். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும். நீங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம் என்பதும், நம் ஒப்பந்தப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். பில்லைத் திருப்பியதைக் காரணம் காட்டி நாளைத் தள்ளும் எண்ணம் எங்களுக்கு இல்லை. 45 நாளை, சரக்கு வந்த ஜனவரி 5-லிருந்தே எண்ணுகிறோம். கெடு பிப்ரவரி 19. சரியான பில் ஜனவரி 19-க்குள் வந்துவிட்டால், பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமைப் பட்டுவாடாவிலேயே உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் வந்துவிடும். அதற்குப் பிறகு வந்தால் பொருத்திப் பார்க்க எங்களுக்கு நாள் போதாமல் போகலாம். கடைசி நாள் வரை விடாமல் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

பில்லின் பிரதியை முதலில் மின்னஞ்சலில் அனுப்பினால், அன்றைக்கே பார்த்துச் சரியா என்று சொல்லிவிடுகிறோம். அப்புறம் கையெழுத்திட்ட அசலை அடுத்த வண்டியில் கொடுத்துவிடலாம். ஆர்டர் விலையில் உங்களுக்கு மாறுபட்ட கருத்து இருந்தால் பில்லில் ஏற்ற வேண்டாம். தனியாக எழுதுங்கள், பேசுவோம்.

இப்படிக்கு,
மேலாளர், கொள்முதல் பிரிவு

இணைப்பு: பில் 218/25-26 அசல், ஸ்டோர் வரவுச் சீட்டு நகல், இரண்டு ஆர்டர்களின் நகல்.

நகல்: கணக்குப் பிரிவு, ஸ்டோர் பொறுப்பாளர் – இனி பில்லில் ஆர்டர் எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை உள்ளே விடவும்.