டிஎஸ்பி பசளையும் நிலக்கரிச் சாம்பலும்: உடம்புக்குப் போற கதிர்வீச்சு கூடுமா?

கேள்வி (வெல்லாவெளிப் பக்கத்து வயல்காரர் ஒருத்தர்ட மகன்):

சேர், போன கிழமை ஒரு வீடியோ பாத்தன், பசளை பேக்குக்குக் கிட்ட ஒரு மெசினப் பிடிக்க அது டிக் டிக்கெண்டு கத்துது, கீழ எழுதி இருக்கு பசளைல யுரேனியம் இருக்காம் எண்டு. நம்மட அப்பா முப்பது வருசமா கையாலதான் டிஎஸ்பி எறியிறார், கையுறையும் இல்ல ஒண்டும் இல்ல, எறிஞ்சிட்டு வாய்க்கால்ல கைய நனைச்சிட்டு வரம்பில இருந்து சோறு திம்பார். எங்கட அண்ணன் பசளை ஸ்டோர்ல மூட்டை தூக்கிற நாட்டாமை வேலை. அக்காட மாப்பிள்ள நுரைச்சோலை அனல் மின் நிலையத்தில சாம்பல் பக்கம் கொன்ட்ராக்ட் ஆள். எக்ஸ்ரே எடுக்கிற ஆக்களுக்கெல்லாம் நெஞ்சில கதிர்வீச்சு அளக்கிற பேட்ஜ் குடுக்காங்களே, இவங்களுக்கு ஏன் ஒண்டும் இல்ல? அப்பா நெல்லு மில்லில இருந்து சாம்பலும் கொண்டந்து வயலுக்குப் போடுறவர், அதையும் நிப்பாட்டச் சொல்லவா? அம்மா பயந்து போய்க் கிடக்கா.

பதில்:

மகன், முதல்ல அம்மாக்குச் சொல்லு, பயப்பிடுற அளவில ஒண்டும் இல்ல. ஆனா "ஒண்டுமே இல்ல" எண்டும் நான் சொல்ல மாட்டன், அது பொய். கூடுது, கொஞ்சம் கூடுது. எவ்வளவு எண்டு பாத்தாத்தான் யாருக்கு என்ன செய்யிற எண்டு விளங்கும். உங்கட வீட்டு மூண்டு ஆக்கள்ல நான் யோசிக்கிறது அப்பாவ இல்ல, ஸ்டோர்ல நிக்கிற அண்ணனத்தான்.

டிஎஸ்பி பொஸ்பேட் பாறைல இருந்து செய்யிற பசளை. அந்தப் பாறை எண்டது பெரும்பாலும் பழைய காலத்துக் கடலுக்கடியில படிஞ்சது, அது படியக்குள்ள கடல் தண்ணில இருந்த யுரேனியத்தையும் சேத்துப் பிடிச்சிட்டுது. அதால மொரோக்கோ, புளோரிடாப் பக்கத்துப் பாறைல கிலோவுக்கு ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு பெக்கரல் யுரேனியம்-238 இருக்கிறது வழமை. ஒரு பெக்கரல் எண்டா செக்கனுக்கு ஒரு அணு சிதையிறது. சாதாரண மண்ணுல உலக சராசரி கிலோவுக்கு 35 தான். நம்மட எப்பாவல பொஸ்பேட் வேற வகை, தீப்பாறைல வந்தது, அந்த வகைல பொதுவா யுரேனியம் குறைவு, ஆனா அது கெதியா கரையாது, தேயிலை தென்னைக்குச் சரி, மூண்டரை மாச நெல்லுக்கு உதவாது, அதாலதான் வெளிநாட்டு டிஎஸ்பி வருது. பாறைய அமிலத்தில போட்டு பொஸ்போரிக் அமிலம் எடுக்கக்குள்ள யுரேனியத்தில பெரும்பங்கு அமிலத்தோட போகும், யுரேனியம் சிதைஞ்சு வாற ரேடியத்தில பெரும்பங்கு ஜிப்சக் கழிவோட போயிரும். டிஎஸ்பி அந்த அமிலத்தையும் பாறையையும் சேத்துச் செய்யிறதால யுரேனியம் பாறையளவு இருக்கும், ரேடியம் குறையும். இது நமக்கு நல்லது, ஏனெண்டா வெளியில நிண்டு உடம்ப ஊடுருவுற காமாக் கதிர் கூடுதலா வாறது ரேடியத்துக்குப் பொறகு வாற பிள்ளை குட்டிகள்ல இருந்துதான்.

இப்ப வயலுக்கு வா. ஒரு ஏக்கர்ல மேல் மண் ஒரு சாண் ஆழம் எடுத்தா கிட்டத்தட்ட ஆயிரம் தொன். கிலோவுக்கு 35 எண்டா அந்த மண்ணுலயே மூண்டரைக் கோடி பெக்கரல் யுரேனியம் முதலே கிடக்கு, கடவுள் போட்டது. அப்பா ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 20 கிலோ டிஎஸ்பி எறியிறார் எண்டு வை, கிலோவுக்கு ஆயிரம் எண்டா இருபதாயிரம் பெக்கரல். மூண்டரைக் கோடிக்கு இருபதாயிரம். பெரும்போகம் சிறுபோகம் ரெண்டும் சேத்து நூறு வருசம் விடாம எறிஞ்சாலும் இருக்கிறதில பத்தில ஒரு பங்கு சொச்சம்தான் கூடும். அதுவும் நெல்லுப் பயிர் யுரேனியத்த பெரிசா உறிஞ்சாது, சோத்தால வாறது கணக்கில எடுக்கத் தேவையில்லாத அளவு.

எறியக்குள்ள மூச்சோட போற தூசியையும் நான் கொப்பில போட்டுப் பாத்தன், நல்லாத் தூசி பறக்குது எண்டு வைச்சு, போகத்துக்கு ரெண்டு மூண்டு நாள் எண்டு வைச்சு. வருசத்துக்கு ஒரு மில்லிசீவேர்ட்டில நூறில ஒரு பங்கும் வரல்ல. மில்லிசீவேர்ட் எண்டா உடம்புக்குப் போற கதிர்வீச்ச அளக்கிற அலகு. ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு, இயற்கையா மண், வானம், சாப்பாடு, காத்து எல்லாத்தாலயும் ஒரு மனுசனுக்கு வாறது உலக சராசரி 2.4 மில்லிசீவேர்ட். பொதுமகன் ஒருத்தருக்கு மேலதிகமா அனுமதிக்கிற எல்லை 1. கதிர்வீச்சு வேலையாளுக்கு அஞ்சு வருச சராசரில வருசத்துக்கு 20.

அப்ப அந்த வீடியோ? நான் திரும்பத் திரும்பப் பாத்தன், பேக்கில தெரிஞ்ச மணி சிவப்பு. டிஎஸ்பி சாம்பல் நிறம், சிவப்பு மணி எண்டா எம்ஓபி, பொட்டாசியப் பசளை. பொட்டாசியத்தில இயற்கையாவே பொட்டாசியம்-40 இருக்கு, ஒரு கிராம் பொட்டாசியத்துக்கு 31 பெக்கரல். எம்ஓபில பாதி பொட்டாசியம், அப்ப கிலோவுக்கு 15 ஆயிரத்துக்கு மேல. யுரேனியம் எண்டு பயம் காட்டினவர் பொட்டாசியத்தத்தான் அளந்திருக்கார்! உன்ட உடம்புலயும் இருக்கு அது, வளந்த ஆளுக்கு நாலாயிரம் பெக்கரலுக்கு மேல, உடம்பு தனக்குத் தேவையான அளவுக்கு மேல பொட்டாசியத்த வைச்சிருக்காது, கூடினா சிறுநீரால வெளியில போயிரும். யூரியா பேக்குக்குக் கிட்ட அந்த மெசினப் பிடிச்சிருந்தா வெறும் நிலத்தில கத்துறதவிடக் கூடுதலாக் கத்தாது, அதையும் ஒருக்காக் காட்டியிருக்கலாம், காட்டினா வீடியோ ஓடாதே.

அண்ணன்ட கதை வேற. அவர் வருசம் முழுக்க நிக்கிறார். ரெண்டு பக்கத்தால வருது. ஒண்டு எம்ஓபி, டிஎஸ்பி அடுக்குக்கு இடையில நாள் முழுக்க நிண்டா வெளியில இருந்து வாற காமா, பெரிய குவியலுக்கு மேலேயே நிண்டா சாதாரண மண்ணுல நிக்கிறதவிட பத்து மடங்கு வரைக்கும் வரும், தள்ளி நிண்டா குறையும். மற்றது மூச்சு. நான் ஒருக்கா ஒரு ஸ்டோருக்குப் போயிருக்கன், கிழிஞ்ச பேக்க சவளால அள்ளிக் கொட்டிக்கிட்டிருந்த பெடியன்ட கண் இமை முழுக்க வெள்ளை, தும்மிக்கிட்டே அள்ளுறான், கழுத்தில கிடந்த துவாய வாயில கட்டக்கூட இல்ல. அப்பிடித் தூசியில வருசம் முழுக்க நிண்டா தூசியால மட்டும் ஒரு மில்லிசீவேர்ட்டில பத்தில நாலு பங்கு மட்டில வரும் எண்டுதான் என்ட கைக் கணக்கு. வெளிக் காமாவும் சேந்தா கூடின பட்சம் 1 பக்கம் போய் நிக்கும். அதுதான் பேட்ஜ் குடுக்காததுக்குக் காரணம், 1ஐத் தாண்டாத இடத்தில ஆளுக்கு ஆள் அளக்கத் தேவையில்ல எண்டுதான் உலகம் முழுக்க நடைமுறை. ஆனா தூசிய அடக்கினா அந்தப் பாதி போயே போயிரும், சும்மா துணி இல்ல, நல்ல தூசி மாஸ்க், காத்தோட்டமான கதவு, கிழிஞ்ச பேக்க உடனே வேற பேக்குக்குள்ள போடுறது, அவ்வளவுதான்.

நுரைச்சோலை மாப்பிள்ளைக்கு வாறன். நிலக்கரில யுரேனியமும் தோரியமும் மண்ணவிடக் கொஞ்சம் குறைவுதான், கிலோவுக்கு இருபது பெக்கரல் மட்டில. எரிஞ்சா கரி போயிரும், யுரேனியம் சாம்பல்ல மிச்சமாகும், அதால சாம்பல்ல ஐஞ்சு பத்து மடங்கு செறிவு, கிலோவுக்கு நூறு இருநூறு. டிஎஸ்பிய விட எவ்வளவோ குறைவு பாத்தியா. அடுப்புச் சூட்டில ஈயம்-210, பொலோனியம்-210 ஆவியாகிப் போய் பொறகு பொடிச் சாம்பல்ல ஒட்டும், ஆகச் சின்னத் தூள்லதான் கூடுதலா ஒட்டும், அதுதான் நெஞ்சுக்குள்ள ஆழமாப் போறது. எண்டாலும் அவர் நாளாந்தம் சாம்பல் அள்ளுறவரா இருந்தாலும் 1 மில்லிசீவேர்ட்டுக்கு உள்ளுக்குத்தான். புகைபோக்கிக்குப் பக்கத்தில இருக்கிற சாம்பல் பிடிக்கிற மெசினுக்குள்ள இறங்கித் துப்பரவு செய்யிற நாட்கள் மட்டும் வேற, அண்டைக்கு முழு முகமூடி இல்லாம இறங்க வேணாம் எண்டு சொல்லு. ஆனா அங்கயும் பெரிய வில்லன் கதிர்வீச்சு இல்ல, சிலிக்கா. நுரையீரல அரிக்கிறது அதுதான், ஆசனிக்கும் இருக்கும்.

"நிலக்கரிச் சாம்பல் அணு உலைக் கழிவ விட மோசம்" எண்டு ஒரு கதை ஓடுது. அது 1978ல வந்த ஒரு ஆய்வத் திரிச்சது. ஒழுங்கா ஓடுற அணு உலைட புகைபோக்கியால வெளியேறுறத விட நிலக்கரி நிலையத்துப் புகைபோக்கியால வாற டோஸ் கூடலாம் எண்டுதான் அவங்க சொன்னது. எரிஞ்சு முடிஞ்ச அணு எரிபொருளோட ஒப்பிட்டதே இல்ல. சம்பூர்ல நிலக்கரி நிலையம் வரப்போகுது எண்ட காலத்தில இந்தக் கதைய நான் எத்தின கூட்டத்தில கேட்டிருப்பன். சம்பூரை எதிர்க்க மீன், தண்ணி, தூசி எண்டு நல்ல காரணங்கள் கிடந்தது, 2016ல கைவிட்டாங்க.

கேள்வி:

சேர், அப்ப மில் சாம்பல்? சிறுநீரக நோயும் இதாலதானோ?

பதில்:

மில் சாம்பல் உமிச் சாம்பல் மகன், நிலக்கரி இல்ல. நம்மட அம்பாறை, கல்முனைப் பக்கத்து மில்லுகள் உமியத்தானே எரிக்கிற. அதில யுரேனியம் எண்டு சொல்லுறதுக்கு ஒண்டும் இல்ல, சிலிக்காவும் கொஞ்சம் பொட்டாசும். வயலுக்குப் போடட்டும், ஆனா காத்தடிக்கக்குள்ள போட வேணாம், கொஞ்சம் தண்ணி தெளிச்சு நனைச்சிட்டுப் போடச் சொல்லு.

சிறுநீரகம் கேட்ட, அத நேர சொல்லுறன். யுரேனியம் சிறுநீரகத்துக்குக் கூடாதுதான், ஆனா அது கதிர்வீச்சால இல்ல, ரசாயனமா, ஈயம் கட்மியம் மாதிரி. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கு லீற்றருக்கு 30 மைக்ரோகிராம் எண்டு எல்லை போட்டிருக்கு. தெஹியத்தகண்டிய, வடமத்திய மாகாணப் பக்கம் அந்த நோய் நிறைய, டொக்டர்மார் ஒரே காரணம் எண்டு இன்னும் முடிவுக்கு வரல்ல, புளோரைட், கடின தண்ணி, கட்மியம், ஆசனிக், களைநாசினி, வெயில்ல தண்ணி குடியாம வேலை செய்யிறது எல்லாம் பேசப்படுது. கதிர்வீச்சு அந்தப் பட்டியல்ல முன்னுக்கு இல்ல. டிஎஸ்பில யுரேனியத்த விட எனக்குக் கவலை கட்மியம். அதால கிணத்துத் தண்ணிய பரிசோதிக்கக் குடு.

கேள்வி:

அப்பா சுருட்டும் குடிப்பார் சேர்.

பதில்:

இதத்தான் முதல் சொல்லியிருக்க வேணும் நீ. புகையிலை இலைல உள்ள பிசுபிசுத்த மயிர் காத்தில இருந்து ஈயம்-210, பொலோனியம்-210ஐப் பிடிச்சு வைக்கும், பொஸ்பேட் பசளை போட்ட மண்ணுல வளந்தா கொஞ்சம் கூடவும் ஏறும். புகையிலைல பொலோனியம் இருக்கிறத 1964லயே கண்டுபிடிச்சிட்டாங்க. டிஎஸ்பி எறிஞ்சு வாற கதிர்வீச்சுக்குப் பயந்து நித்திரை இல்லாம இருக்கிற அம்மா அந்தச் சுருட்டப் பறிச்சு வைக்கட்டும். டிஎஸ்பி எறிஞ்ச கையோட சுருட்டுப் பத்திறது இன்னும் மோசம், கைல ஒட்டினதும் வாய்க்குள்ள போகும். வாய்க்கால்ல நனைக்கிறது காணாது, வரம்புக்குப் போகக்குள்ள ஒரு போத்தல் தண்ணியும் ஒரு துண்டு சவுக்காரமும் கட்டி விடு. அண்ணன் வேலையால வந்தா சேட்ட வீட்டுக்குள்ள உதறாம வெளியில கழட்டி வேறயா அலசச் சொல்லு, சின்னப் பிள்ளை தவழுற வீடுதானே உங்கட.