வழங்குநர் நடத்தைக் கோவை: பதிவுக்கு முன் நீங்கள் உறுதிப்படுத்த வேண்டியவை

கோப்பாய் ஒடியல் உற்பத்திக் கூட உரிமையாளருக்கு,

அம்மா, வணக்கம்.

எமது கோவை 38 பக்கம், அதுவும் ஆங்கிலத்தில். ஆறு பேர் வேலை செய்யும் உங்கள் கூடத்துக்குப் பொருந்தும் கடமைகளை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன். பொருள்கொள்வதில் முரண்பாடு வந்தால் ஆங்கில மூலமே செல்லும். அதன் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.

வீடுகளுக்குக் கொடுக்கும் வேலை. முதலில் இதைப் பாருங்கள். கிழங்கு வரும் காலத்தில் தோலுரிக்கவும் கிழிக்கவும் அயல் வீடுகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னீர்கள். கோவை அதைத் தடுக்கவில்லை. ஆனால் எந்தெந்த வீடுகள், கிலோவுக்கு என்ன கூலி என்ற பட்டியலை முன்கூட்டியே தந்து எமது எழுத்துமூல அனுமதியைப் பெற வேண்டும். உங்கள் கூடத்துக்குள்ள விதிகள் அந்த வீடுகளுக்கும் பொருந்தும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இந்த வேலையில் இருக்கக் கூடாது. அரைக்கும் இயந்திரத்தில் 18 வயதுக்குட்பட்ட எவரும் நிற்கக் கூடாது. பாடசாலை விட்டு வந்து தாய்க்குக் கைகொடுக்கும் பிள்ளையை நாம் எல்லோரும் அறிவோம். ஆனாலும் இதில் விலக்கு இல்லை.

சம்பளம். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். கிலோக் கணக்கில் கூலி கொடுத்தாலும், முழுநாள் உழைப்பவரின் வருமானம் சட்டப்படியான அளவுக்குக் கீழே போகக் கூடாது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், ஊழியர் பங்கு 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நீங்கள் 3 வீதம். ஒரேயொருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் இது கட்டாயம். கையெழுத்துடன் சம்பளப் பதிவேடு வைத்திருங்கள். யாருடைய அடையாள அட்டையையும் வாங்கி வைக்காதீர்கள்.

பாதுகாப்பும் சுத்தமும். இயந்திரப் பட்டிக்கு மூடி, தீயணைப்புக் கருவி, பெண்களுக்குப் பூட்டக்கூடிய கழிப்பறை, குடிநீர். ஒடியலைத் தெருவோரத்தில் காயவிடக் கூடாது. ஒவ்வொரு பொதியும் எந்த நாள் அரைத்த மாவு என்று பதிவில் இருக்க வேண்டும்.

அன்பளிப்பு. எமது கொள்வனவுப் பிரிவினருக்கு எதுவும் தர வேண்டாம், பொங்கலுக்கு ஒரு பனங்கட்டிக் குட்டான்கூட. எம்மவர் யாராவது கேட்டால், கோவையின் கடைசிப் பக்கத்திலுள்ள முறைப்பாட்டு இலக்கத்துக்கு அறிவியுங்கள். அதற்காக உங்களுக்குத் தரும் கொள்வனவுக் கட்டளை நிறுத்தப்படாது. அது கோவையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பார்வையிடல். வேலை நேரத்தில் முன்னறிவிப்பின்றியும் வருவோம். பதிவேடுகளைக் காட்ட வேண்டும்; ஊழியர்களுடன் தனியே பேச விட வேண்டும்.

ஒவ்வொரு தலைப்புக்கும் நேரே ‘உறுதிப்படுத்துகிறேன்’ அல்லது ‘இன்னும் இல்லை, இந்தத் திகதிக்குள் செய்வேன்’ என்று எழுதுங்கள். இரண்டாவது பதிலால் பதிவு நின்றுவிடாது. மூன்று மாத அவகாசம் தர எமக்கு அதிகாரம் உண்டு. பிள்ளைகள் பற்றிய விதிக்கு மட்டும் அவகாசம் இல்லை. செய்யாததைச் செய்ததாக எழுதினால் ஒப்பந்தமே ரத்தாகும். எனவே ஊழியர் நிதிகளில் இன்னும் பதியாவிட்டால் தயங்காமல் அப்படியே எழுதுங்கள். யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய படிவங்களை நிரப்ப நானே உதவுகிறேன்.

கைப்பட எழுதினால் போதும். கையொப்பமிட்டு, பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதியுடன் வரும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கொள்வனவு அலுவலர், யாழ்ப்பாணக் கிளை