ஒரகடம் ஆலை, குவாலிட்டி இன்ஜினியர் வேலை: ஜனவரியில் வந்திருந்த சரவணன் மீண்டும் விண்ணப்பிக்கிறேன்

வணக்கம் மேடம்,

நான் சரவணன், ஓசூரிலிருந்து எழுதுகிறேன். ஜனவரி கடைசியில் உங்கள் ஒரகடம் ஆலையில் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கான இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். முதல் சுற்று தேறினேன், டெக்னிக்கல் சுற்றில் தேறவில்லை. அதே வேலைக்கு மறுபடி ஆள் எடுப்பதாக உங்கள் இணையதளத்தில் நேற்று பார்த்தேன். அன்று போனில் நாம் தமிழிலேயே பேசியதால் இதையும் தமிழில் எழுதுகிறேன். ரெஸ்யூம் ஆங்கிலத்தில் இணைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு நன்றி. தேர்வாகவில்லை என்று மெயில் வந்த பிறகு நான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் போனை எடுத்து, எந்தக் கேள்வியில் நான் தவறினேன் என்று பேனலிடம் கேட்டுச் சொன்னீர்கள். "ஆறு மாதம் கழித்து மறுபடி போடுங்கள்" என்றும் சொன்னீர்கள். அப்படிச் சொல்பவர்கள் மிகக் குறைவு. அதற்கு மறுநாள், இன்னொரு வாய்ப்பு தரச் சொல்லி நீளமாக ஒரு மெயில் போட்டேன். அது உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். மன்னியுங்கள்.

கன்ட்ரோல் லிமிட் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. ட்ராயிங்கில் உள்ள டாலரன்ஸைத்தான் நான் பதிலாகச் சொன்னேன். நான்கு வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் சொல்லக்கூடாத பதில் அது. டாலரன்ஸ் வாடிக்கையாளர் கேட்பது. கன்ட்ரோல் லிமிட் நம் மெஷின் ஓடும்போது தரும் அளவுகளிலிருந்தே கணக்கிட்டு வருவது. புத்தகத்தைப் பார்த்து இதை அன்று இரவே தெரிந்துகொண்டேன். ஆனால் கையால் செய்து பார்க்காமல் உங்களுக்கு மறுபடி எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

இங்கே எங்கள் லைனில் 32 மி.மீ. எச்7 போர், அதாவது துளை, ஒன்று ஓடுகிறது. டாலரன்ஸ் மொத்தமே 25 மைக்ரான். மேலாளரிடம் அனுமதி வாங்கி, முதலில் போர் டயல் கேஜுக்கு ஆர் அண்ட் ஆர் ஸ்டடி எடுத்தேன்: 10 பீஸ், 3 ஆபரேட்டர், ஒவ்வொருவரும் மூன்று முறை, ஆக 90 ரீடிங். அளப்பதில் வரும் வேறுபாடு மட்டுமே டாலரன்ஸில் 34 சதவீதம் வந்தது. அப்படி அளந்துகொண்டு சார்ட் போட்டுப் பயனில்லை. பக்கத்தில் நின்று பார்த்தபோது காரணம் தெரிந்தது. கேஜை ஆட்டிக் குறைந்த அளவைப் பிடிக்கும் விதம் மூவருக்கும் மூன்று மாதிரி. செட்டிங் ரிங்கில் சரிபார்ப்பதும் ஷிஃப்டுக்கு ஒருமுறை கூட நடக்கவில்லை. இரண்டையும் ஒழுங்குபடுத்தி மறுபடி எடுத்தபோது 17 ஆனது. 10-க்குள் இன்னும் வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அதன்பிறகு ஐந்து ஐந்து பீஸாக 25 தடவை எடுத்து எக்ஸ்-பார் ஆர் சார்ட் போட்டேன். எல்லாப் பீஸும் டாலரன்ஸுக்குள்தான் இருந்தன. ஆனாலும் வெட்டும் டூலின் இன்சர்ட் தேயத் தேய போர் சிறிதாகிக்கொண்டே போவது சார்ட்டில் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. முன்பெல்லாம் ரிஜெக்ஷன் வந்த பிறகுதான் இன்சர்ட் மாற்றுவோம். இப்போது 180 பீஸுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். மே மாதத்திலிருந்து இந்த போரில் சின்ன அளவு ரிஜெக்ஷன் ஒன்றுகூட வரவில்லை. நான் போட்ட சார்ட்டைப் பார்த்து ஆபரேட்டர் ஒருவர் தானே இன்சர்ட் மாற்றிய அன்று வந்த சந்தோஷம் எனக்குப் பெரிது.

பழைய மார்க்கைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அன்றைய முடிவு சரியான முடிவுதான். அதே பேனலே மறுபடி கேட்டாலும் வருகிறேன், முதல் சுற்றிலிருந்தே தொடங்கினாலும் சரி.

ஒரு சந்தேகம் மட்டும். இணையதளத்தில் என் ஜனவரி விண்ணப்பம் இன்னும் இருக்கிறது. அதே மெயில் ஐடியில் புதிதாகப் போடட்டுமா, இல்லை பழையதை நீங்களே திறந்துவிடுவீர்களா? வேறு ஐடியில் போட்டு இரட்டைப் பதிவு ஆக்க விருப்பமில்லை, அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதினேன். கம்பெனி ஸ்டடியை வெளியே அனுப்ப முடியாது. ஆனால் எப்படிச் செய்தேன் என்று போர்டில் எழுதிக் காட்ட முடியும்.

நோட்டீஸ் பீரியட் இப்போது 45 நாள். ஜனவரியில் சொன்ன சம்பள எதிர்பார்ப்பில் மாற்றம் இல்லை. இந்த மாதம் முழுக்க எனக்கு முதல் ஷிஃப்ட், மாலை மூன்றரைக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். பழைய எண்தான். நேரில் வர வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும், லீவ் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

நன்றி மேடம்.

இப்படிக்கு,
சரவணன்
ஓசூர்