நம் வகுப்பு வானிலை அட்டவணை

ஒன்றாம் வகுப்பு, நாகப்பட்டினம்
ஐப்பசி மாதம், திங்கள் முதல் வெள்ளி வரை

தினமும் இரண்டு தடவை வானத்தைப் பார்ப்போம். காலையில் பிரேயர் முடிந்ததும் ஒரு தடவை. சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு தடவை. பார்த்ததை மட்டும் ஒட்டுவோம். "மழை வந்தா நல்லாருக்கும்" என்று நினைத்து மழைப் படம் ஒட்டக் கூடாது!

நம் படங்கள்

வெயில்: மஞ்சள் வட்டம். தரை சுடும். நம் நிழல் தெரியும்.
மேகம்: சாம்பல் நிறப் பஞ்சு. சூரியன் ஒளிந்துகொள்ளும். நிழல் சரியாகத் தெரியாது.
காற்று: வளைந்த மூன்று கோடுகள். கொடிக்கயிறு ஆடும். தென்னை ஓலை சலசலக்கும்.
மழை: நீலச் சொட்டுகள். தூறல் என்றால் ஒரு சொட்டு போதும்.

ஒரே நேரத்தில் மேகமும் காற்றும் இருந்தால் இரண்டு படமும் ஒட்டலாம்.

திங்கள் (மயில் குழு பார்த்தது)
காலை: வெயில். மதியம்: வெயில்.
காலையில் நம் நிழல் நீளமாக இருந்தது. மதியம் காலடியில் குட்டியாகிவிட்டது. எல்லோருடைய தண்ணீர் பாட்டிலும் காலி.

செவ்வாய் (கிளிக் குழு)
காலை: வெயில். மதியம்: மேகம்.
சுவர் ஓரமாக எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறின. அப்படி ஏறினால் மழை வரும் என்று சத்துணவு ஆயா சொன்னார். வருமா? நாளை பார்ப்போம்.

புதன் (குருவிக் குழு)
காலை: மேகம், காற்று. மதியம்: மழை!
காலையில் கொடிக்கயிறு கம்பத்தில் டக் டக் என்று அடித்தது. கடல் பக்கமிருந்து கறுப்பு மேகம் வந்தது. சாப்பிட உட்கார்ந்தோம், கொட்ட ஆரம்பித்துவிட்டது. முதலில் மின்னல் தெரிந்தது. அப்புறம்தான் இடி கேட்டது. இடி கேட்டால் என்ன செய்வோம்? வகுப்புக்குள் வந்துவிடுவோம். மரத்தடியில் நிற்க மாட்டோம்.
வீட்டுக்குப் போகும்போது மழை பாட்டிலைப் பார்த்தோம். ஒரு விரல் அளவு தண்ணீர். டீச்சர் விரலால்தான் அளக்க வேண்டும். ஆளுக்கு ஒரு விரலால் அளந்தால் கணக்கு மாறிவிடும். அளந்த பிறகு தண்ணீரைச் செடிக்கு ஊற்றினோம். காலி பாட்டிலைத் திரும்பவும் வெளியே வைத்தோம்.

வியாழன் (எல்லோரும் வீட்டிலிருந்து)
காலை: மழை, காற்று. மதியம்: மழை.
மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வந்து சொன்னோம். எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் என்று ஒருவர். காகிதக் கப்பல் விட்டேன் என்று மூன்று பேர். "நான் தூங்கிட்டேன் டீச்சர்" என்றும் ஒருவர். அதுவும் சரி, அவர் பார்க்கவில்லை, அதனால் படம் ஒட்டவில்லை.

வெள்ளி (புறாக் குழு)
காலை: மேகம். மதியம்: வெயில்.
மழை பாட்டிலில் நான்கு விரல் தண்ணீர்! மைதானத்தில் பெரிய குட்டை. வெயில் வந்ததும் எதிர்வீட்டில் துணி காயப் போட்டார்கள்.

இந்த வாரம் மொத்தம்

| நாள் | காலை | மதியம் |
|---|---|---|
| திங்கள் | வெயில் | வெயில் |
| செவ்வாய் | வெயில் | மேகம் |
| புதன் | மேகம், காற்று | மழை |
| வியாழன் | மழை, காற்று | மழை |
| வெள்ளி | மேகம் | வெயில் |

வெயில்: 4
மேகம்: 3
மழை: 3
காற்று: 2

சேர்ந்து வாசிப்போம்

எண்ணுவதற்கு முன்னால் டீச்சர் கேட்டார்: "இந்த வாரம் எது அதிகம்?"
எல்லோரும் "மழை!" என்று கத்தினோம்.
அப்புறம் படங்களை எண்ணினோம். வெயில் நான்கு. மழை மூன்று. வெயில்தான் அதிகம்.
மேகமும் மழையும் சமம்.
திங்கள்கிழமை மழையே இல்லை. வியாழக்கிழமை வெயிலே இல்லை.
புதன்கிழமை ஒரே நாளில் மேகம், காற்று, மழை மூன்றும் வந்தன.
பாட்டிலில் முதலில் ஒரு விரல், பிறகு நான்கு விரல். மொத்தம் ஐந்து விரல் மழை.
செவ்வாய்க்கிழமை எறும்பு ஏறியது, புதன்கிழமை மழை வந்தது. அடுத்த வாரமும் எறும்பைப் பார்ப்போம்.

அடுத்த திங்கள்: கிளிக் குழு பார்க்கும். குடை கொண்டுவரவும். நீலக் கிரயான் தீர்ந்துவிட்டது. வீட்டில் இருந்தால் ஒன்று எடுத்து வாருங்கள்.