மாணவர் கருத்தாய்வு ஒப்புதல் படிவம்: மதிப்பீட்டுக் குறிப்பு

பெறுநர்: ஆய்வு மாணவி, எம்.எஸ்.டபிள்யூ இரண்டாம் ஆண்டு
ஆய்வு: முதலாமாண்டு விடுதி மாணவர்களின் தூக்கமும் மன அழுத்தமும்
முடிவு: இப்படியே அனுப்ப முடியாது. திருத்திக் கொடுங்கள், மறுபடி பார்க்கிறேன்.

உங்கள் படிவத்தை முதலில் நான் படிக்கவில்லை. விடுதியில் இருக்கும் முதலாமாண்டுப் பையன் ஒருவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு முறை படித்துவிட்டு, "சார், இது இன்டர்னல் மார்க்குக்கா?" என்று கேட்டான். உங்கள் முதல் வாக்கியம் இது: "மேற்குறித்த ஆய்வின்பால் எனது தன்னிச்சையான இசைவினை இதன்வழி நல்குகிறேன்." பத்திரப் பதிவு அலுவலக வாசனை அடிக்கிறது. தவிர, 'தன்னிச்சையாக' என்றால் நம் ஊரில் பலருக்கு 'யாரையும் கேட்காமல், இஷ்டத்துக்கு' என்றுதான் அர்த்தமாகும். 'என் விருப்பத்தோடு' என்று எழுதினால் போதும். எத்தனை கேள்வி, எத்தனை நிமிடம் என்பதும் இல்லை. இரண்டையும் மேலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்ததுதான் பெரிய சிக்கல். "பங்கேற்பது கட்டாயமில்லை" என்று படிவத்தில் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இணைத்துள்ள செயல்திட்டத்தில், வகுப்பு ஆசிரியர் தன் பாடவேளையில் லிங்க்கை அனுப்புவார், முடித்தவர்கள் ஸ்கிரீன்ஷாட்டை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று இருக்கிறது. மார்க் போடுகிறவர் எதிரே நிற்கும்போது எந்தப் பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்லும்? போடாதவர்களின் பெயர் குழுவில் தானாகவே தெரிந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். ஆசிரியர் இல்லாத நேரத்தில், விடுதி அறிவிப்புப் பலகையில் க்யூஆர் குறியீடாக ஒட்டுங்கள். பதில்கள் குறைவாகத்தான் வரும். பரவாயில்லை, வந்தவை உண்மையாக இருக்கும்.

அதோடு, கூகுள் ஃபார்மில் 24 கேள்விகளுக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். விருப்பமில்லாத கேள்வியைத் தாண்ட வழியே இல்லை. ஒப்புதல் கேள்வியையும் வயதுக் கேள்வியையும் தவிர மற்றவற்றில் Required-ஐ எடுத்துவிடுங்கள்.

அந்தரங்கத்துக்கு வருவோம். "உங்கள் பெயர் கேட்கப்படாது, யார் என்று யாருக்கும் தெரியாது" என்கிறீர்கள். ஃபார்மைத் திறந்து பார்த்தேன்: Collect email addresses என்ற இடத்தில் Verified என்று இருக்கிறது. அதாவது ஒவ்வொரு பதிலோடும் மின்னஞ்சல் முகவரி வந்து உட்காரும். Do not collect என்று மாற்றுங்கள். Limit to 1 response-ஐயும் அணைத்துவிடுங்கள். அது கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், பிள்ளைகள் பயப்படுவார்கள்.

மின்னஞ்சலை நீக்கினாலும் வேலை முடியவில்லை. துறை, பாலினம், சொந்த மாவட்டம், சமூகப் பிரிவு, முதல் தலைமுறைப் பட்டதாரியா என்று ஐந்தும் கேட்கிறீர்கள். இயற்பியல் முதலாமாண்டில் நீலகிரியிலிருந்து வந்த பெண் ஒருத்திதான் இருந்தால், பெயர் எதற்கு? உங்கள் பகுப்பாய்வில் மாவட்டத்துக்கும் சமூகப் பிரிவுக்கும் வேலையே இல்லை, இரண்டையும் எடுத்துவிடலாம். 22 கேள்விகள் மிஞ்சும்.

இன்னொன்று: "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்பது, பெயரில்லாத ஃபார்மில் காப்பாற்ற முடியாத வாக்கு. அனுப்பிய பிறகு எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாதே. "Submit அழுத்தும்வரை விலகலாம், அதன்பின் உங்கள் பதிலைத் தனியே பிரித்து நீக்க முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள்.

வயது வரம்பை மறந்துவிட்டீர்கள். முதலாமாண்டில் 17 வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாதவரைக் குழந்தை என்கிறது. ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலும் அவர்கள் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. பெற்றோர் கையெழுத்துக்கு அலைய உங்களுக்கு நேரமில்லை என்றால், 18 நிறைந்தவர்களை மட்டும் எடுங்கள். வயதுக் கேள்வியை '18 வயது நிறைந்துவிட்டதா?' என்று முதலில் வையுங்கள், 'இல்லை' என்றால் ஃபார்ம் அங்கேயே முடியட்டும்.

தொடர்பு விவரம் என்று உங்கள் சொந்தக் கைபேசி எண் மட்டும் இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் பார்க்கும் தாளில் அது வேண்டாம், அம்மா. கல்லூரி மின்னஞ்சலையும் நெறியாளரின் துறைத் தொலைபேசியையும் கொடுங்கள். புகார் சொல்ல நெறிமுறைக் குழுவின் மின்னஞ்சலையும் சேருங்கள். உங்களைப் பற்றிய புகாரை உங்களிடமே சொல்லச் சொல்ல முடியாதல்லவா? 17-வது கேள்வி வாழப் பிடிக்காத எண்ணம் பற்றியது. பதில் பெயரில்லாமல் வருவதால் நாம் யாரையும் தேடிப் போக முடியாது. அதனால் அந்தக் கேள்விக்குக் கீழேயே டெலி-மானஸ் மனநல உதவி இலவச எண் 14416 இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தொடக்கப் பத்தி இப்படி இருக்கலாம்:

"நான் எம்.எஸ்.டபிள்யூ மாணவி. விடுதியில் முதலாமாண்டு படிப்பவர்களின் தூக்கம், மன அழுத்தம் பற்றி என் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். 22 கேள்விகள், சுமார் 10 நிமிடம் ஆகும். கலந்துகொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். இதனால் மார்க்கோ வருகைப்பதிவோ விடுதி இடமோ பாதிக்காது. பெயரும் மின்னஞ்சலும் கேட்கப்படாது. பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம்."

வெள்ளிக்கிழமைக்குள் திருத்திய படிவத்தோடு செயல்திட்டத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். படிவம் மட்டும் வந்தால் திறக்க மாட்டேன்.