தாரணியின் பெறுபேறு: நம் வீட்டாருக்கு மட்டும்

அம்மா, பெரியக்கா, அத்தான், அண்ணா, அண்ணி, தம்பி, எல்லாருக்கும் வணக்கம்.

தாரணியின் சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டது. ஒன்பது பாடமும் சித்தி, கணிதத்தில் சி. இரண்டாம் தவணையில் கணிதத்துக்கு 28 எடுத்துவிட்டு வந்த அன்று நான் யாரிடம் அழுதேன் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் சந்தோசத்தையும் உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் முழுக்க doenets.lk திறக்கவேயில்லை. எங்கள் வீட்டில் முற்றத்து வேம்புக்குக் கீழே நின்றால்தான் சிக்னல் ஒழுங்காக வரும், அங்கேயே கதிரையைப் போட்டுக்கொண்டு சுட்டெண்ணை அடித்து அடித்துப் பார்த்தாள், கடைசியில் இருட்டின பிறகுதான் பக்கம் வந்தது. கத்தவில்லை, ஓடி வரவும் இல்லை. ஃபோனை என் கையில் தந்து, கணிதம் என்ற வரியில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, "அம்மா, நான் உயர்தரம் படிக்கலாம்" என்றாள், அவ்வளவுதான். ஆறு பாடச் சித்தி வேண்டும், அதற்குள் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடத்திலாவது சி அல்லது அதற்கு மேல் வேண்டும் என்ற கணக்கைப் பிள்ளை ஒரு வருசமாக மனதில் வைத்துத் திரிந்திருக்கிறாள். கணிதம் விடுபட்டிருந்தால் அடுத்த முறை திரும்ப எழுதலாம் என்று நானும் இவரும் முன்னமே சொல்லித்தான் வைத்திருந்தோம்.

இதில் உங்கள் கையும் இருக்கிறது. பெரியக்கா வவுனியாவில் இருந்து பஸ்ஸில் கொடுத்துவிட்ட கடந்தகால வினாத்தாள் கட்டு மூலை மடங்கி, மஞ்சள் கறை படிந்து இன்னும் மேசையில் கிடக்கிறது. தம்பி கனடாவில் நித்திரை முழித்திருந்து வீடியோ கோலில் சமன்பாடு சொல்லிக் கொடுத்தான். அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா.

எத்தனை ஏ, எத்தனை பி என்று நான் எழுதவில்லை. மறைக்க ஒன்றும் இல்லை, ஆனால் அந்த எண்ணைச் சொன்னால் அது தனியே நிற்காது, இன்னொரு பிள்ளையின் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். நம் வீட்டில் இந்த முறை மூன்று பிள்ளைகள் எழுதினார்கள். மற்ற இரண்டு பேரும் தங்கள் பெறுபேற்றைச் சொல்ல விரும்பும்போது சொல்லட்டும், அதுவரை நாங்கள் கேட்கப்போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். "தாரணியைப் பார்" என்று எந்தப் பிள்ளைக்கும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவர்கள் மூன்று பேரும் பரீட்சைக்கு முதல் நாள் இரவு வரலாற்றுக் குறிப்பைப் படம் எடுத்து ஆளுக்காள் அனுப்பிப் படித்தவர்கள். பெறுபேறு வந்ததும் இவள் முதலில் கேட்டது, "அவையளும் பார்த்திட்டினமோ" என்றுதான்.

அண்ணா, உங்களுக்கு நினைவு இருக்கும். 96 இல் கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து, குப்பி விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினேன். பிறகு ஒரு கலியாண வீட்டில் நாலு பேருக்கு முன்னால் மச்சாளின் பெறுபேற்றையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துக் கதைத்தார்கள். பந்தியில் இருந்து பாதியில் எழும்பினேன். மச்சாளும் நானும் திரும்ப மனம்விட்டுக் கதைக்க இரண்டு வருசம் போனது, அவள் பாவம், அவள் ஒன்றும் சொல்லவேயில்லை. அது எங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டாம்.

சரி, அடுத்தது நீங்கள் எல்லாரும் கேட்கப்போவது தெரியும். அவள் கலைப்பிரிவுதான் எடுக்கிறாள், புவியியல் படிக்க ஆசை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலால் எங்கே போகிறது என்று சின்னதிலேயே தாத்தாவைக் கேட்டுக் கேட்டுப் படம் கீறினவள். விஞ்ஞானத்துக்குப் போகலாமே என்று இப்போது அவளிடம் சொல்ல வேண்டாம், நாங்கள் மூன்று பேரும் இருந்து கதைத்து எடுத்த முடிவு.

பெறுபேற்றுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இந்தச் செய்தியையும் வேறு குழுக்களுக்கு அனுப்ப வேண்டாம். காசு, பரிசு ஒன்றும் அனுப்பாதீர்கள், யாரிடமாவது உயர்தரப் புவியியல் பழைய புத்தகம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். விருந்து வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கப் போகிறோம், எழுதின மூன்று பிள்ளைகளின் பெயருக்கும் அர்ச்சனை செய்விப்பேன். வர முடிந்தவர்கள் வாருங்கள், விடிய ஆறு மணிக்கு விசுவமடுச் சந்தியில் நிற்போம்.

அவளோடு கதைக்க விரும்பினால் இரவு ஏழு மணிக்குப் பிறகு எடுங்கள், அப்போதுதான் வேம்புக்குக் கீழே இருப்பாள்.