மகளின் பெயர் எழுத்து மாற்றம்: அரசிதழில் வெளியிட விண்ணப்பம்

கல்லிடைக்குறிச்சி,
03.07.2024

அனுப்புநர்:
மா. சுடலைமுத்து, சு. பேச்சியம்மாள்,
14, மேலத்தெரு, கல்லிடைக்குறிச்சி,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உதவி இயக்குநர் (வெளியீடுகள்),
எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை,
110, அண்ணா சாலை, சென்னை – 600 002.

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் மகள் முப்பிடாதிக்கு ஒன்பது வயது, ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பெயரின் ஆங்கில எழுத்தை மாற்றுவதென்று நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். தமிழில் பெயர் அப்படியே இருக்கும்.

குலதெய்வத்தின் பெயர் அது, அவளுடைய ஆச்சியின் பெயரும் அதுதான். பிறப்பைப் பதிந்தபோது ஊரில் பலரும் எழுதுகிற வழக்கப்படி MUPPUDATHI என்று கொடுத்தோம். ஆச்சியின் வாக்காளர் அட்டையில் MUPPIDATHI என்று இருக்கிறது. வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே வாசிக்கவும் வருவது இதுதான். பிள்ளையும் நோட்டு அட்டையில் I போட்டே எழுதிப் பழகிவிட்டாள். ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் ‘முப்புடாதி’ என்றால், எழுந்து நின்று திருத்திச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். அவள் பெயர், அவள் சொல்கிறபடி இருக்கட்டும் என்று நினைக்கிறோம்.

இப்போதே செய்யக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆதாரிலோ பெயரை இரண்டு முறைதான் திருத்த முடியும். அரசிதழ் கையில் இருந்தால் பள்ளிப் பதிவேட்டையும் ஆதாரையும் அதை வைத்தே ஒரே மாதிரி ஆக்கிவிடலாம்.

நிரப்பிய படிவம், பிறப்புச் சான்றிதழ் நகல், பிள்ளையின் ஆதார் நகல், எங்கள் இருவரின் ஆதார் நகல்கள், நோட்டரி சான்றொப்பமிட்ட புகைப்படம், கட்டணம் செலுத்திய செலான் எல்லாம் இத்துடன் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள். மாறுவது ஒரே ஒரு எழுத்து: ஐந்தாவதாக வரும் U, I ஆகிறது. அச்சுக் கோக்கும்போது கண்ணுக்குத் தப்பினால் பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றாகவே வந்துவிடும், அப்புறம் திருத்த அறிவிப்புக்கு அலைய வேண்டியிருக்கும். மெய்ப்புப் பார்க்கிறவர்கள் அந்த ஓரெழுத்தை மட்டும் இன்னொரு தடவை பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வெளியிட வேண்டிய வாசகம் கீழே:

பெயர் மாற்றம்

எனது மகள் S. MUPPUDATHI (சு. முப்பிடாதி), பிறந்த தேதி 9 நவம்பர் 2014 (பிறந்த மாவட்டம்: திருநெல்வேலி), 14, மேலத்தெரு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம் என்ற முகவரியில் வசிப்பவர், இனிமேல் S. MUPPIDATHI (சு. முப்பிடாதி) என அழைக்கப்படுவார்.

மா. சுடலைமுத்து
(தந்தை)
கல்லிடைக்குறிச்சி, 3 ஜூலை 2024.